கழுத்து மரு: நூல் கட்டும் முன்

"கழுத்திலும் அக்குளிலும் சின்னச் சின்னதாகத் தொங்குது, ஒன்று மட்டும் கறுப்பா இருக்கு. நூல் கட்டி எடுத்துடலாமா?"

நூல் வேண்டாம், முதலில் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று மெல்லிய காம்பில் ஆடினால் ஸ்கின் டேக். தோல் உரசும் இடத்தில் வருவது, ஆபத்தில்லை. சொரசொரப்பாக, உள்ளே கரும்புள்ளிகளோடு இருந்தால் வைரஸ் மரு. அதன்மேல் ஷேவ் செய்தால் பரவும்.

அந்தக் கறுப்புதான் எனக்குக் கவலை. டேக் முறுக்கிக்கொண்டாலும் திடீரென்று கறுத்து வலிக்கும். ஆனால் அது மச்சமாக இருந்து, சில மாதங்களில் வளர்ந்திருந்தாலோ, ஓரம் கோணலாகி இரண்டு மூன்று நிறம் காட்டினாலோ, ரத்தம் கசிந்தாலோ தோல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். நூல் கட்டி அழுகவிட்டால், புற்றுநோயா என்று பரிசோதிக்கச் சதையே மிஞ்சாது.

அப்புறம், பின்கழுத்து வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருக்கிறதா? அப்படியானால் ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.