காஸ்கோடில் 1/gm எங்கே போயிற்று?

கேள்வி: காஸ்கோடின் மேல் டிரான்சிஸ்டருக்குள் சோர்ஸ் வழியாகப் பார்த்தால் 1/gm தான் தெரியும், அதனால் கீழ் டிரான்சிஸ்டரின் கெயின் 1க்கு இறங்கிவிடும், மில்லர் விளைவு ஒழிந்தது என்று படித்தேன். என் சிமுலேஷனில் நடு நோடில் 20 மடங்கு கெயின் காட்டுகிறது. சர்க்யூட் தப்பா, படித்தது தப்பா?

இரண்டுமே தப்பில்லை. நீங்கள் படித்த வாக்கியத்தில் ஒரு நிபந்தனை விட்டுப்போயிருக்கிறது: டிரெய்னில் இருக்கும் லோடு, அந்த டிரான்சிஸ்டரின் ro-வை விடப் பல மடங்கு சிறியதாக இருக்க வேண்டும். உங்கள் சர்க்யூட்டில் லோடு ரெசிஸ்டர் அல்ல, கரண்ட் சோர்ஸ் என்று நினைக்கிறேன். அதுவும் காஸ்கோடு செய்யப்பட்ட கரண்ட் சோர்ஸாக இருக்கும். 20 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

காமன் கேட்டில் கேட்டை அசையாமல் கட்டி வைத்திருக்கிறோம். சோர்ஸை v அளவு உயர்த்தினால் கேட்–சோர்ஸ் வோல்டேஜ் முழுதாக v அளவு குறையும். டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட் gm·v அளவு மாறும். v கொடுத்தோம், gm·v கரண்ட் நுழைந்தது, ஆகவே இன்புட் ரெசிஸ்டன்ஸ் 1/gm. கணக்கு இதோடு முடிந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கரண்ட் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுக்குள் போக வழியில்லை. சோர்ஸில் நுழைந்த ஒவ்வொரு துளியும் டிரெய்ன் வழியாக வெளியேறி லோடுக்குள் போயே ஆக வேண்டும். லோடு அதை வாங்க மறுத்தால், சோர்ஸும் அதை உள்ளே விட முடியாது.

எப்படி மறுக்கிறது என்று பாருங்கள். லோடு பெரிதாக இருந்தால், வந்த கரண்ட் டிரெய்ன் வோல்டேஜை மேலே தூக்குகிறது. தூக்கிய டிரெய்ன், ro வழியாகக் கரண்டைத் திரும்பச் சோர்ஸ் பக்கம் தள்ளுகிறது. gm ஒரு திசையில் அனுப்புகிறது, ro எதிர்த்திசையில் திருப்பி அனுப்புகிறது. இரண்டும் கிட்டத்தட்ட சமமானால் நிகரமாக நுழைவது மிகச் சொற்பம். சூத்திரமாக எழுதினால் இவ்வளவுதான்:

Rin = (ro + RL) / (1 + gm·ro)

லோடு சிறியதாக இருந்தால் இது 1/gm ஆகும். லோடு பெரியதாக இருந்தால் RL/(gm·ro) என்ற பங்குதான் மேலோங்கும். பாடி விளைவையும் சேர்க்க வேண்டுமென்றால் gm இருக்கும் இடத்தில் gm + gmb என்று போட்டுக்கொள்ளுங்கள், கதை மாறாது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், காஸ்கோடின் அவுட்புட் ரெசிஸ்டன்ஸை நாம் எந்தக் குணத்தால் கொண்டாடுகிறோமோ அதே குணம்தான் இது. கீழே இருப்பதை மேலிருந்து பார்த்தால் gm·ro மடங்கு பெரிதாகத் தெரிகிறது. மேலே இருப்பதைக் கீழிருந்து பார்த்தால் அதே மடங்கு சிறிதாகத் தெரிகிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். கீழ் டிரான்சிஸ்டர் M1, மேல் டிரான்சிஸ்டர் M2 இரண்டுக்கும் gm = 2 மில்லி சீமென்ஸ், ro = 20 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். gm·ro = 40. பாடி விளைவை விட்டுவிடுகிறேன்.

முதலில் லோடாக 2 கிலோ ஓம் ரெசிஸ்டர். Rin = 22k/41, அதாவது சுமார் 537 ஓம். 1/gm என்பது 500. புத்தகம் சொன்னது சரி. M1-இன் கெயின், 537 ஓமுக்கு இணையாக அதன் சொந்த 20 கிலோ ஓமையும் சேர்த்தால், 1.05 வருகிறது. மில்லர் விளைவு Cgd-யை இரண்டு மடங்கு ஆக்குவதோடு நின்றுவிடும்.

இப்போது லோடை எடுத்துவிட்டு, பி-வகை காஸ்கோடு கரண்ட் சோர்ஸ் ஒன்றைப் போடுங்கள். அதன் ரெசிஸ்டன்ஸும் நம் காஸ்கோடின் அவுட்புட் ரெசிஸ்டன்ஸைப் போலவே 840 கிலோ ஓம் என்று வைப்போம். Rin = 860k/41, சுமார் 21 கிலோ ஓம். ஐந்நூறு ஓம் இருந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு முழு ro வந்து நிற்கிறது. M1-இன் கெயின் 2m × (20k || 21k), அதாவது 20.5. நீங்கள் பார்த்த எண் இதுதான். மொத்த கெயின் சுமார் 820. Cgd இப்போது 21.5 மடங்காகத் தெரிகிறது.

அப்படியானால் மில்லர் விளைவைக் கொல்லக் காஸ்கோடு போடுவது வீண்தானா? இல்லை. அவுட்புட்டில் எப்போதும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அது 1 பிகோஃபேரட் என்றால், சுமார் 380 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் அவுட்புட் நோடின் மொத்த இம்பீடன்ஸ் இறங்க ஆரம்பிக்கிறது. லோடு இறங்க இறங்க, சோர்ஸில் தெரியும் இம்பீடன்ஸும் கூடவே இறங்குகிறது. 8 மெகாஹெர்ட்ஸ் அருகில் லோடு ro-வின் அளவுக்கு வந்துவிடும். அதற்கு மேலே போகப் போக பழைய 1/gm திரும்பி வந்துவிடுகிறது, நடு நோடின் கெயினும் 1ஐ ஒட்டிப் படுத்துவிடுகிறது. இந்த சர்க்யூட்டின் கெயின் 1 ஆகும் அதிர்வெண் 300 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. ஆகவே வேகம் தீர்மானமாகும் இடத்தில் காஸ்கோடு தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. டிசி கெயினை வைத்து Cgd-யை 21.5 மடங்காக்கி, அந்தப் பெரிய கெப்பாசிட்டரால் இன்புட்டில் ஒரு போல் வரும் என்று கணக்குப் போடுவது பலர் செய்யும் தவறு. அந்த அதிர்வெண் வரும்போது 21.5 என்ற பெருக்கமே அங்கே இருக்காது.

நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு சின்ன நெட்லிஸ்ட்:

```
* cascode small-signal
Vin in 0 AC 1
G1 x 0 in 0 2m
R1 x 0 20k
G2 out x 0 x 2m
R2 out x 20k
RL out 0 840k
CL out 0 1p
.ac dec 20 1k 1g
.end
```

x என்பது நடு நோடு; V(x)-ஐ டெசிபலில் வரையுங்கள். 26 டெசிபலில் தட்டையாகத் தொடங்கி, 380 கிலோஹெர்ட்ஸில் சரியத் தொடங்கி, 8 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் 0 டெசிபலை ஒட்டி மறுபடி தட்டையாகும். பிறகு RL-ஐ 2k ஆக்கி ஓட்டுங்கள். அந்தப் படி இருந்த இடம் தெரியாமல் போய், முழுக்க ஒரே கோடாக 0 டெசிபலுக்குப் பக்கத்தில் கிடக்கும். உங்கள் உண்மையான சர்க்யூட்டில் படி இல்லாமல், உயர் அதிர்வெண்ணில் x மறுபடி மேலே ஏறினால், M2-இன் கேட் உண்மையில் ஏசி கிரவுண்டில் இல்லை என்று சந்தேகப்படுங்கள். பயாஸ் கொடுக்கும் இடத்தில் பெரிய ரெசிஸ்டன்ஸ் இருந்து டீகப்ளிங் கெப்பாசிட்டர் இல்லாவிட்டால், சோர்ஸில் பார்க்கும் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணோடு ஏறும், இண்டக்டர் போல நடந்துகொள்ளும்.

சரி, வேகத்துக்குப் பாதகமில்லை என்றால் இந்த 20.5 எங்கேதான் கடிக்கும்? நிலைபெற்ற மதிப்பில். இதில் நானே மாட்டியிருக்கிறேன்.

ஸ்விட்ச்டு கெப்பாசிட்டர் சர்க்யூட் ஒன்றுக்கு டெலஸ்கோபிக் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் செய்திருந்தேன். அளவுகள் மேலே சொன்னவற்றுக்குப் பக்கத்தில்தான். இன்புட் கெப்பாசிட்டரும் ஃபீட்பேக் கெப்பாசிட்டரும் ஆளுக்கு 200 ஃபெம்டோஃபேரட். M1-இன் Cgs 50, Cgd 10. காஸ்கோடுதானே என்று Cgd-யை இரட்டிப்பாக்கி 20 என்று எடுத்துக்கொண்டேன். ஃபீட்பேக் விகிதம் 200/470. கெயின் 820 என்பதால் பிழை சுமார் 0.29 சதவீதம் வர வேண்டும். வந்தது 0.4 சதவீதம்.

செட்டிலாக நேரம் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நேரத்தை இரட்டிப்பாக்கினேன், எண் அசையவே இல்லை. அதிலேயே புரிந்திருக்க வேண்டும். காத்திருந்தும் மாறாத பிழை கெயினிலோ ஃபீட்பேக் விகிதத்திலோதான் இருக்கும். கெயினைத் தனியாக அளந்தேன், 820 சரியாகவே இருந்தது. கடைசியில் சிமுலேஷனில் M1-இன் கேட்டுக்கும் x-க்கும் நடுவே −10 ஃபெம்டோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டேன். நிஜத்தில் இப்படியொரு பொருள் கிடையாது, ஸ்பைஸ் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். பிழை 0.27க்கு விழுந்தது. அப்போதுதான் திரும்பக் கணக்குப் போட்டேன். எல்லாம் நிலைபெற்ற பிறகு அங்கே அதிர்வெண் என்று எதுவும் இல்லை, அவுட்புட் கெப்பாசிட்டர் உதவிக்கு வராது, x இன்புட்டைவிட 20.5 மடங்கு நகர்ந்து நிற்கிறது. Cgd 20 அல்ல, 215. ஃபீட்பேக் விகிதம் 200/665. அதை வைத்தால் 0.4 சதவீதம் பிசகாமல் வருகிறது.

சர்க்யூட் டிஃபரன்ஷியலாக இருந்ததால் சரிசெய்வது எளிதாயிற்று. ஒரு பக்கத்தின் கேட்டிலிருந்து மறுபக்கத்தின் x-க்கு, Cgd-க்குச் சமமான கெப்பாசிட்டர் ஒன்றைக் குறுக்காகப் போட்டேன். மறுபக்க x எதிர்த்திசையில் நகர்வதால், Cgd இழுக்கும் சார்ஜை இது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கெப்பாசிட்டராக M1-இன் வகையிலேயே, பாதி அகலத்தில், சோர்ஸையும் டிரெய்னையும் சேர்த்துக் கட்டிய ஒரு டிரான்சிஸ்டரைப் பயன்படுத்தினேன். பாதி அகலம் ஏனென்றால், இரண்டு பக்க ஓவர்லேப்பும் சேர்ந்து M1-இன் ஒரு Cgd ஆகிறது, பிராசஸ் மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும். அது ஆன் ஆகிவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை: M1 சாச்சுரேஷனில் இருக்கும்வரை கேட்டுக்கும் x-க்கும் இடையிலான வோல்டேஜ் த்ரெஷோல்டுக்குக் கீழேதான் இருக்கும்.

1920இல் ஜான் மில்லர் வால்வுகளைப் பற்றி எழுதியதும் இதேதான்: ட்ரையோடின் இன்புட் இம்பீடன்ஸ், அதன் பிளேட்டில் இருக்கும் லோடைப் பொறுத்தது. காஸ்கோடு அந்தச் சார்பை அறுத்துவிடுவதில்லை. M2-இன் gm·ro-வால் வகுத்துக் கீழே அனுப்புகிறது. உங்கள் லோடு என்னவென்று எழுதுங்கள், அதே சூத்திரத்தில் போட்டால் 20 வருகிறதா என்று பார்த்துவிடலாம்.