பக்கம் என்றால் எந்தப் பக்கம்?

"எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்குப் பக்கம் வடிவமைக்க, முன்பின் பழகாத ஒரு சுயாதீன வடிவமைப்பாளரைப் பிடித்திருக்கிறோம். தொலைபேசியில் விலை பேசியாகிவிட்டது. மின்னஞ்சலிலும் எழுதி உறுதிசெய்ய வேண்டுமா? எழுதினால் தன்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடுவாரோ?"

எழுதுங்கள், இன்றிரவே. வலிகாமத்தில் நான்கு மலர்களுக்குத் தொகுப்பாளராக இருந்து அலுத்தவன் சொல்கிறேன். முதலாவது மலரை வாய்ப்பேச்சில் செய்தோம். மற்ற மூன்றுக்கும் மின்னஞ்சல் எழுதினேன்.

அந்த முதல் மலருக்கு எங்கள் பேச்சு ஒரே வரிதான்: "பக்கத்துக்கு 250 ரூபாய்." எங்கள் கையில் ஏ4 தாளில் தட்டச்சு செய்த 120 பக்கங்கள் இருந்தன. முப்பதாயிரம் ரூபாய் என்று நான் செயற்குழுவில் சொன்னேன். கனடாவில் இருக்கும் ஊரவர்கள் அதற்கேற்பப் பணமும் அனுப்பிவிட்டார்கள். வடிவமைத்த தம்பி ஏ4ஐவிடச் சிறிய டெமி அளவில் பக்கமாக்கியபோது நூல் 208 பக்கமாக வந்தது. அவர் கேட்ட தொகை 52,000 ரூபாய். நான் மூலப்பிரதியின் பக்கத்தை நினைத்தேன், அவர் அச்சுநூலின் பக்கத்தை நினைத்தார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருபத்திரண்டாயிரம் ரூபாய் மட்டும் நடுவில் நின்றது.

அந்த வித்தியாசத்தில் பாதியைக் கொடுக்க இணங்கினோம். ஆனால் மனம் கசந்தவர், பக்கங்களைத் திருத்தக்கூடிய இன்டிசைன் மூலக்கோப்பைத் தர மறுத்துவிட்டார், பிடிஎப் மட்டும் வந்தது. மூலக்கோப்பையும் தர வேண்டும் என்று நாங்களும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அச்சுக்குப் போகும் நேரத்தில் பார்த்தால், முன்னாள் தலைவரின் படத்தின் கீழ் அவருடைய தம்பியின் பெயர் இருக்கிறது. இன்னொருவரைக் கொண்டு திருத்தவும் வழியில்லை. கடைசியில் ஒவ்வொரு பிரதியிலும் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டினோம். வெளியீட்டு விழாவில் அந்தக் குடும்பத்தார் முன்வரிசையில் இருந்தார்கள்.

ஆகவே நீங்கள் எழுதும் மின்னஞ்சலில் முதலில் இருக்க வேண்டியது விலை அன்று, அளவு. எதை ஒரு பக்கம் என்று எண்ணுகிறீர்கள், பக்க எண்ணிக்கை மாறினால் என்ன, கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்வது விலைக்குள் அடங்குமா, அட்டை அடங்குமா, கடைசியில் எந்தக் கோப்பு உங்கள் கைக்கு வரும்: இவ்வளவும் தெளிந்த பிறகுதான் ரூபாய்க்குப் பொருள் உண்டு.

இரண்டாவது மலருக்கு நான் அனுப்பியதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

> வணக்கம் தம்பி,
>
> நேற்றுத் தொலைபேசியில் பேசியவற்றை என் நினைவுக்காக எழுதுகிறேன். நான் விளங்கிக்கொண்டது பிழையென்றால் திருத்தி அனுப்புங்கள்.
>
> வேலை: எங்கள் மலரின் உட்பக்க வடிவமைப்பும் அட்டை வடிவமைப்பும். பக்கம் என்பது அச்சில் வரும் டெமி அளவுப் பக்கம். 160 பக்கம் வரும் என்று கணக்கிட்டிருக்கிறோம். கூடினாலும் குறைந்தாலும் அச்சில் வரும் பக்க எண்ணிக்கைக்கே பணம். கையெழுத்தில் உள்ள 70 தாள்களைத் தட்டச்சு செய்வதும் உங்கள் வேலை. எழுத்து முழுவதும் யூனிகோடில் இருக்க வேண்டும். படங்களைத் தேடித் தருவது எங்கள் பொறுப்பு.
>
> கட்டணம்: பக்கத்துக்கு 300 ரூபாய் வீதம் 48,000. தட்டச்சு, தாளுக்கு 100 ரூபாய் வீதம் 7,000. அட்டை 10,000. மொத்தம் 65,000 ரூபாய்.
>
> பணம்: நீங்கள் இதற்குச் சம்மதம் எழுதியதும் 20,000. முழு நூலின் முதல் மெய்ப்பு எங்களிடம் வந்து மூன்று நாட்களுக்குள் 25,000. மீதித் தொகை, அச்சுக்குரிய பிடிஎப்பும் திறந்த மூலக்கோப்பும் எழுத்துருக்களும் தரும் அன்றே.
>
> மெய்ப்பு: இரண்டு சுற்றுத் திருத்தங்கள் கட்டணத்துக்குள் அடங்கும். அதற்குப் பிறகு நாங்கள் மாற்றம் கேட்டால், மாறும் பக்கத்துக்கு 100 ரூபாய். உங்கள் கைப்பிழைகளை எந்தச் சுற்றிலும் கட்டணமின்றித் திருத்தித் தருவீர்கள்.
>
> எல்லாக் கட்டுரைகளையும் 10ஆம் திகதிக்குள் தருவோம். அதற்குப் பிறகு நாங்கள் பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் உங்கள் முடிவுத் திகதி ஒரு நாள் தள்ளிப் போகும்.

இதில் சில வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன்.

யூனிகோட் என்று ஏன் எழுத வேண்டும்? நம்மூரில் பலர் இன்னும் பாமினியில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். நாளைக்கு அதே கட்டுரையை இணையத்தில் போட வேண்டுமென்றால் மாற்ற வேண்டும், மாற்றியபின் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். யார் தலையில் அந்த வேலை விழும் என்பது முதல் நாளே தெரிந்திருக்கட்டும்.

மெய்ப்புப் பற்றிய வரிதான் மலர்வேலையில் உயிர்நாடி. 'கல்வி' என்பது 'கல்லி' என்று வந்தால் அது அவருடைய கைப்பிழை. கட்டுரையாளர் இரண்டாம் மெய்ப்பில் தன் பள்ளிக்கால நினைவு ஒன்றைப் புதிய பந்தியாகச் சேர்த்தால் அது நம்முடைய மாற்றம், அதன் பின்னுள்ள பக்கங்களெல்லாம் நகரும். இந்த இரண்டையும் பிரிக்காமல் 'திருத்தங்கள் செய்து தரப்படும்' என்று எழுதினால், ஆறாவது சுற்றில் அந்தப் பிள்ளை தொலைபேசியை எடுக்காமல் விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

திகதி பற்றிய வரி, உண்மையைச் சொன்னால், நமக்கு நாமே போடும் கடிவாளம். வாழ்த்துச் செய்திகள் எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாப் பக்கமும் கட்டி முடித்த பிறகு, ஒரு பெரியவரின் வாழ்த்து வாட்ஸ்அப்பில் புகைப்படமாக வந்து சேரும். கூடவே, தபால்தலை அளவுக்கு மேல் பெரிதாக்கினால் கலங்கிப்போகும் அவருடைய படமும் வரும்.

பணத்தை மூன்றாகப் பிரித்ததற்கும் காரணம் உண்டு. புதியவரிடம் முழுத் தொகையையும் முன்னரே கொடுக்க நம் பொருளாளர் சம்மதிக்க மாட்டார்; கடைசியில் தருகிறோம் என்றால் வடிவமைப்பாளர் ஒரு மாதம் சும்மா உழைக்க வேண்டும். நடுத்தவணையை முதல் மெய்ப்போடு கட்டியிருக்கிறேன், ஏனென்றால் அவருடைய உழைப்பில் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடுகிறது. கடைசித் தவணையை மட்டும் 'வெளியீட்டு விழா முடிந்ததும்' என்றோ 'குழுவுக்குத் திருப்தியானதும்' என்றோ எழுதிவிடாதீர்கள். விழா தள்ளிப் போவது அவருடைய குற்றமில்லை. திருப்தி என்பதற்கோ பதினோரு பேர் கொண்ட குழுவில் முடிவே கிடையாது. கோப்பு இந்தக் கையில், பணம் அந்தக் கையில் என்று ஒரே நாளில் முடித்தால், கோப்பைப் பிணையாகப் பிடித்துவைக்கும் தேவை அவருக்கும் வராது.

இனி உங்கள் தயக்கம். "என் நினைவுக்காக எழுதுகிறேன், பிழையென்றால் திருத்துங்கள்" என்ற அந்த முதல் வரி அதற்காகவே இருக்கிறது. எனக்கு அந்தத் தம்பியிடமிருந்து மறுநாள் வந்த பதில் இப்படித் தொடங்கியது: "அண்ணா, எல்லாவற்றுக்கும் சம்மதம், ஒன்றைத் தவிர. விளம்பரப் பக்கங்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவற்றைக் கடைக்காரர்களே வடிவமைத்துத் தருவார்களா, நான் செய்ய வேண்டுமா?" நான் அறவே மறந்திருந்தேன். செய்து தந்தால் விளம்பரம் ஒன்றுக்கு 500 ரூபாய் என்று சேர்த்து, முழுவதையும் திருத்தி மறுபடி அனுப்பினேன். "திருத்திய இந்த மின்னஞ்சலில் உள்ளபடி சம்மதம்" என்று அவர் எழுதிய பிறகுதான் முதல் 20,000 ரூபாய் போனது. இப்படித் திருத்தி எழுதும் ஆளை நம்பலாம் என்பது என் அனுபவம். அனுப்பி இரண்டு நிமிடத்தில் 'ஓகே அண்ணா' என்று மட்டும் வந்தால் அவர் வாசிக்கவில்லை. அப்போது அழைத்து, தொகையையும் திகதியையும் வாயால் சொல்லிக் கேட்டு, பிறகு சம்மதத்தை எழுதச் சொல்லுங்கள்.

சட்டம் பற்றி ஒரு சொல். இலங்கையின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னஞ்சலில் செய்துகொண்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. ஆனால் அறுபதாயிரம் ரூபாய்க்காக யாரும் நீதிமன்றப் படி ஏறப் போவதில்லை. இரண்டு மாதம் கழித்து 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்று இருவரில் ஒருவர் சொல்லும்போது திறந்து பார்க்கத்தான் அந்த மின்னஞ்சல்.

எங்களுக்கு அப்படிப் பார்க்க வேண்டியும் வந்தது. நூல் 176 பக்கமாக வளர்ந்தது. அச்சகம் பெரிய தாளில் பதினாறு பக்கமாக அச்சிட்டு மடிப்பதால், ஆறு பக்கம் மிஞ்சினாலும் அநேகமாக அடுத்த பதினாறுக்குத்தான் போவோம். மிச்ச இடத்தில் பழைய படங்களைப் போட்டோம். கூடிய 16 பக்கத்துக்கு 4,800 ரூபாய். விளம்பரங்களைக் கடைக்காரர்களே செய்து தந்துவிட்டார்கள். பிந்திய வாழ்த்துகளால் இரண்டு சுற்றுக்கு மேல் ஒன்பது பக்கங்கள் மாறின, அதற்கு 900. கடைசித் தவணை 20,000க்குப் பதிலாக 25,700 ஆயிற்று. பொருளாளர் முகத்தைச் சுளித்தார். மின்னஞ்சலை அவரிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு, அந்த வாழ்த்துகளைப் பிந்தி வாங்கிவந்தவர் யார் என்று மட்டும் கேட்டார். அவரேதான்.

உங்கள் வடிவமைப்பாளர் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தால், "இன்றுவரை இத்தனை பக்கம் முடிந்திருக்கிறது, அதுவும் இந்தக் கணக்கில் சேரும்" என்று ஒரு வரி கூட்டுங்கள். இடையில் வாட்ஸ்அப் குரல்பதிவில் எந்த மாற்றம் பேசினாலும், அன்று மாலையே அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். வங்கியில் பணம் மாற்றும்போது குறிப்பில் 'மலர், 1ஆம் தவணை' என்று போட்டு, கிடைத்ததா என்று அதே தொடரில் பதிலும் வாங்கி வையுங்கள்; கணக்காய்வு நாளில் தனியாகப் பற்றுச்சீட்டுத் தேடி அலைய வேண்டியிராது.