வெட்டிய விலையும் வெட்டாத உண்மையும்

கேள்வி: சட்டத்தரணி ஐயாவுக்கு வணக்கம். ஹட்டனில் சிறிய சாரிக்கடை ஒன்று வைத்திருக்கிறேன். தீபாவளிக்காக முகநூலில் “9,000 ரூபா சாரி இப்போது 4,500 ரூபா, 50% கழிவு” என்று போட்டேன். உண்மையில் அந்தச் சாரியை நான் எப்போதும் 4,500 ரூபாவுக்குத்தான் விற்கிறேன். பொகவந்தலாவையிலிருந்து வந்து வாங்கிப்போன அம்மா ஒருவர், போன மாதம் அவருடைய தங்கச்சியும் இதே விலைக்கு வாங்கினது தெரிந்து, முறைப்பாடு செய்யப் போவதாகச் சொல்கிறார். டவுனில் எல்லாக் கடைக்காரரும் இப்படித்தான் போடுகிறார்கள். நான் செய்தது தவறா? இனி எப்படிப் போடுவது?

பதில்: ஆம், தவறுதான். அதுவும் எளிதில் நிரூபிக்கக்கூடிய வகைத் தவறு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் தமது வியாபாரத்தில் நுகர்வோரை ஏமாற்றும் அல்லது பிழையாக வழிநடத்தும் நடத்தையிலோ, அவ்வாறு ஏமாற்றக்கூடிய நடத்தையிலோ ஈடுபடலாகாது என்கிறது. அடுத்துவரும் 31 ஆம் பிரிவு, பொருட்களையும் சேவைகளையும் பற்றிப் பொய்யாக எடுத்துரைப்பதைத் தடுக்கிறது. கடைச் சுவரில் ஒட்டிய அறிவித்தலுக்கும் கைத்தொலைபேசியில் தெரியும் பதிவுக்கும் இவ்விடயத்தில் வேறுபாடு இல்லை. இரண்டும் வியாபாரத்தின் பொருட்டுச் சொல்லப்பட்டவையே.

இங்கே தாங்கள் முன்வைக்கக்கூடிய வாதம் எனக்குத் தெரியும். அந்த அம்மா கொடுத்தது வழமையான விலைதானே, ஒரு சதமும் கூடுதலாக வாங்கவில்லையே என்பீர்கள். ஆனால் “ஏமாற்றக்கூடிய” என்ற சொல் 30 ஆம் பிரிவில் இருப்பதால், எவருக்கேனும் பண நட்டம் ஏற்பட்டதா என்பது முதற் கேள்வி அல்ல. பதிவைச் சாதாரணமாகப் பார்க்கும் ஒருவர் அதிலிருந்து என்ன விளங்கிக்கொள்வார் என்பதே முதற் கேள்வி. குறுக்கே கோடிட்ட 9,000 ரூபாவைக் காணும் எவரும், நேற்றுவரை இந்தக் கடையில் இது 9,000 ரூபாவுக்கு விற்றது என்றே நினைப்பார். அது உண்மையல்ல. மேலும், நட்டமே இல்லை என்பதும் சரியன்று. தீபாவளி முற்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கடைக்குப் போவது, எதை வாங்குவது என்று கணக்குப் பார்க்கும் தோட்டத்துக் குடும்பம் ஒன்று, இல்லாத ஒரு 4,500 ரூபா இலாபத்தை நம்பி பஸ்ஸுக்குச் செலவழித்து, பாதிநாளையும் விட்டு நகருக்கு இறங்கி வந்திருக்கிறது. பொய்யான கழிவு பறித்துக்கொள்வது அந்தத் தெரிவைத்தான்.

எல்லோரும் செய்கிறார்கள் என்பது நீதவானின் முன்னால் எதிர்வாதமாகாது. முறைப்பாடு வரும்போது தங்களுடைய பதிவும் தங்களுடைய பற்றுச்சீட்டுப் புத்தகமும் மட்டுமே மேசைக்கு வரும். போன மாதத்துப் பற்றுச்சீட்டில் 4,500 ரூபா என்று தங்கள் கையெழுத்திலேயே இருக்குமானால், அதற்கு மேல் சாட்சி தேவைப்படாது.

இனி, வெட்டிக் காட்டும் விலை எப்போது செல்லும் என்பதைப் பார்ப்போம். கழிவு என்று ஒன்றைச் சொல்ல இரண்டு விலைகள் வேண்டும். இப்போதைய விலையைப் பற்றி யாரும் சண்டையிடுவதில்லை. சிக்கல் எல்லாம் பழைய விலையில்தான். அந்தப் பழைய விலை, தாங்கள் அதே சாரியை, அதே தரத்தில், அண்மைக்காலத்தில், உண்மையாகவே விற்க முன்வந்த விலையாக இருக்க வேண்டும். அந்த விலைக்குப் பத்துச் சாரி விற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடையில் வெளிப்படையாக அந்த விலையிட்டு, விற்பனையாகும் என்ற நியாயமான எதிர்பார்ப்போடு ஓரளவு காலம் வைத்திருந்தால் போதும். ஆனால் புரட்டாசியில் மூன்று நாட்களுக்கு மட்டும் 9,000 ரூபா என்று சீட்டு ஒட்டி, யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தே வைத்துவிட்டு, ஐப்பசியில் பாதியாகக் குறைத்ததாகச் சொன்னால், சீட்டு உண்மையானாலும் விலை உண்மையாகாது.

எத்தனை நாட்கள் வைத்திருந்தால் போதும் என்று நமது சட்டத்தின் 30 ஆம் பிரிவு எண்ணிக்கை எதுவும் கூறவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறையிலிருக்கும் விதி, கழிவு அறிவிப்பதற்கு முந்திய 30 நாட்களில் அந்தக் கடை கேட்ட மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும் என்கிறது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் என்னிடம் வரும் கடைக்காரர்களுக்கு அந்த அளவுகோலையே நான் சொல்கிறேன். 30 நாட்களையும் அதற்குள் மிகக் குறைந்த விலையையும் கடைப்பிடிக்கும் ஒருவரை ஏமாற்றினார் என்று சொல்வது கடினம்.

எடுத்துக்காட்டாக, தங்கள் கடையில் வேறொரு வகைச் சாரி ஆவணி முதல் 5,800 ரூபாவுக்கு விற்கப்பட்டு, பதினான்கு சாரிகள் போய், மீதமுள்ள எட்டை 4,500 ரூபாவுக்குக் கொடுக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கே குறைப்பு 1,300 ரூபா. அதை 5,800 ஆல் வகுத்தால் 22.4 சதவீதம் வரும். “22% கழிவு” என்று எழுதலாம். “25%” என்று முழுமைப்படுத்தினால், விலை 4,350 ரூபாவாக இருக்க வேண்டும். 4,500 கேட்பதால் 150 ரூபா பொய்யாகிவிடும். ஆகவே சதவீதத்தை எப்போதும் கீழ்நோக்கியே முழுமைப்படுத்துங்கள். எனது தனிப்பட்ட கருத்து, சதவீதத்தை விட்டுவிட்டு “1,300 ரூபா குறைவு” என்றே எழுதுவது மேல் என்பதாகும். வாங்குபவர் கையில் எண்ணிப் பார்க்கக்கூடிய தொகை அது. சந்தேகமும் அங்கே குறைவு.

அந்த எட்டு என்ற எண்ணிக்கையையும் பதிவில் சொல்லியே ஆக வேண்டும். “கையிருப்பு உள்ளவரை” என்ற பொதுச் சொற்றொடர் எட்டுச் சாரிக்கும் பொருந்துகிறது, எண்ணூறுக்கும் பொருந்துகிறது. மஸ்கெலியாவிலிருந்தோ நோர்வூட்டிலிருந்தோ புறப்படும் ஒருவருக்கு இந்த வேறுபாடு பெரியது. வந்தவரிடம் அது முடிந்துவிட்டது, இதோ இந்த 7,000 ரூபாச் சாரியைப் பாருங்கள் என்று சொல்வதற்காகவே எட்டு மலிவுச் சாரிகளைப் பதிவில் முன்னிறுத்தியிருந்தால், அதுவும் 30 ஆம் பிரிவுக்குள் விழக்கூடியதே.

“50% வரை” என்பதில் வரும் “வரை” என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் 120 சாரிகள் இருந்து, ஐந்துக்கு மட்டும் பாதி விலையும் ஏனையவற்றுக்குப் பத்துச் சதவீதமும் குறைத்திருந்தால், “50%” பெரிய எழுத்திலும் “வரை” எறும்பளவு எழுத்திலும் இருக்கும் பதிவு, சொல்லளவில் மெய்யாகவும் பொருளளவில் பொய்யாகவும் இருக்கும். “10% முதல் 50% வரை, 50% ஐந்து சாரிகளுக்கு மட்டும்” என்று ஒரே அளவு எழுத்தில் எழுதினால் அந்தக் குறை நீங்கும்.

சிலர் வெட்டிக் காட்டும் விலையைக் கொழும்புப் புறக்கோட்டை விலை என்று சொல்லித் தப்பப் பார்க்கிறார்கள். பிறர் விலையோடு ஒப்பிடுவதைத் தடை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பதிவிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அதே சாரியாக இருக்க வேண்டும், எந்தத் திகதியில் பார்த்த விலை என்பதற்குத் தங்களிடம் சான்றும் இருக்க வேண்டும். வெறும் கோடிட்ட இலக்கம் தங்கள் கடையின் பழைய விலையாகவே வாசிக்கப்படும்.

ஆகவே தங்களுடைய 4,500 ரூபாச் சாரிக்குக் கழிவு என்ற சொல்லே பொருந்தாது. “தீபாவளிக்குப் புதிய நிறங்கள், விலை 4,500 ரூபா” என்று போடுங்கள். நல்ல சாரியென்றால் அதுவே விற்கும். இரண்டாவது வகைக்கு இப்படி எழுதலாம்: “ஆவணி முதல் 5,800 ரூபாவுக்கு விற்ற சாரி, இப்போது 4,500 ரூபா. எட்டு மட்டும் உண்டு. தீபாவளி வரை, அல்லது எட்டும் முடியும்வரை. வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பும் செலவு தனி.” அனுப்பும் செலவு எவ்வளவு என்பது நிலையானதானால் அந்தத் தொகையையும் சேர்த்துவிடுங்கள், இன்பொக்ஸில் சொல்கிறோம் என்று இழுப்பது அதன் பின்னால் வேறு விலை ஒளிந்திருக்கிறது என்ற எண்ணத்தையே தரும். தீபாவளி வரை என்று எழுதியபின் தீபாவளி முடிந்தும் அதே விலைக்குத் தொடர்ந்து கொடுப்பது, அவசரப்படுத்தி விற்றதற்குச் சான்றாகிவிடும். தேதி போட்டால் அந்தத் தேதியில் விலையை ஏற்றியே ஆக வேண்டும்.

இனி நடந்ததைச் சரிசெய்வது எப்படி என்ற விடயம். பதிவைச் சத்தமின்றி அழித்துவிடாதீர்கள். அந்த அம்மாவிடமோ அவரது உறவினரிடமோ அதன் ஸ்கிரீன்ஷொட் பெரும்பாலும் இருக்கும். அழிப்பது, தெரிந்தே மறைத்தார் என்ற தோற்றத்தைத்தான் தரும். முதலில் தாங்களும் பதிவின் பிரதியொன்றை எடுத்து வையுங்கள். பின்னர் அதே பதிவின் மேற்பகுதியில், 9,000 ரூபா என்பது இக்கடையின் முந்தைய விலை அல்ல, வழமையான விலை 4,500 ரூபாவே, தவறுக்கு வருந்துகிறோம் என்று திருத்தத்தைச் சேருங்கள். கீழே யாரேனும் கேள்வி எழுதியிருந்தால் மறைக்காமல் அதே பதிலைக் கொடுங்கள்.

அந்த அம்மாவை நேரில் சந்தித்து, சாரி உடுக்கப்படாமல் இருந்தால் திருப்பித் தந்து முழுப் பணத்தையும், விரும்பினால் பஸ் செலவையும் பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். நமது ஒப்பந்தச் சட்டம் பெரும்பாலும் ரோமன்-டச்சுச் சட்டத்தைத் தழுவியது. பொய்யான கூற்றை நம்பி வாங்கியவருக்கு அந்த வாங்கலையே இரத்துச் செய்யக் கேட்கும் உரிமை அதன்படி எழக்கூடும் என்பதால், இது வெறும் பெருந்தன்மையும் அல்ல. பணம் கொடுத்தால் அதற்கும் ஒரு பற்றுச்சீட்டு எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக் கொள்ளுங்கள். முறைப்பாடு செய்ய மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்க முயலாதீர்கள். குற்றச்சாட்டு ஒன்றை அதிகாரசபை தொடர வேண்டுமா என்பது அவர் கையில் மட்டும் இருப்பதல்ல. அப்படி எழுதி வாங்கிய காகிதம் தங்களுக்கே எதிராகப் பேசும்.

அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அவர் ஏற்கெனவே அழைத்திருந்தால், அதிகாரிகள் கடைக்கு வந்து விளக்கம் கேட்கலாம். 9,000 ரூபாவுக்கு விற்றதாக இப்போது எழுதி முந்திய திகதியிட்ட பற்றுச்சீட்டு ஒன்றைக் காட்டும் எண்ணம் மனதில் எழுந்தால், அதை அங்கேயே விட்டுவிடுங்கள். விளம்பரக் குற்றம் அபராதத்தோடு முடியக்கூடியது. போலிப் பற்றுச்சீட்டு தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வேறு வழக்காக வளரும். ஆவணி முதல் இன்றுவரையான பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், விலைச் சீட்டுகள், திருத்திய பதிவின் பிரதி, பணம் திருப்பிக் கொடுத்த பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு, அதிகாரிகள் வருமுன் ஒரு முறை என்னிடமோ அருகிலுள்ள வேறொரு சட்டத்தரணியிடமோ காட்டிவிடுங்கள்.