உதிலதான்!

கேள்வி: ஐயா, நீளமான வாக்கியம் எழுதினால் தொடக்கத்தில் ஒருமையாக இருந்தது முடிவில் பன்மையாகிவிடுகிறது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் தூரம் கூடினால் இப்படித்தானா?
- ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: மாங்குளத்துக்காரர் என்னிடம் தூரத்தைப் பற்றிக் கேட்பதா! உங்கள் பக்கம் வந்து வழி கேட்டவர்களுக்குத் தெரியும். "உதிலதான்" என்பார்கள். நம்பி ஒரு கட்டை நடந்துவிட்டு அடுத்தவரைக் கேட்டால் அவரும் "உதிலதான்" என்பார். மூன்றாமவர்தான் சைக்கிளை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, "நடந்தோ வந்தனீங்கள்?" என்று கேட்பார். அவருக்கும் போகவேண்டிய இடம் உதிலதான். நடந்து வந்த ஆளைப் பார்த்துத்தான் ஆச்சரியம். வன்னியில் கட்டைக் கணக்கு தெருவுக்கு மட்டும்தான், வாய்க்கு இல்லை.

சரி, உங்கள் விஷயம். தூரம் அரைக் குற்றவாளிதான். மீதிக் குற்றம் வழியில் நிற்கும் பெயர்களுடையது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. எழுவாயை எழுதிவிட்டு மூன்று வரி தாண்டி வினைக்கு வரும்போது, கைக்கு ஞாபகம் இருப்பது கடைசியாக எழுதிய பெயர்தான். அதன் எண்ணையே வினைக்கும் போட்டுவிடுகிறது. இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்:

"இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்த கமக்காரர்களுக்கு உரிய நேரத்தில் நீர் திறந்துவிடப்படும் என்று அதிகாரிகள் அளித்த வாக்குறுதி, பயிர்கள் கதிர் விடும் நேரத்தில் காற்றில் பறந்தன."

பறந்தது எது? பின்னாலிருந்து வாருங்கள். வேற்றுமை உருபு ஏறிய பெயர்களை முதலில் தள்ளுங்கள். கமக்காரர்களுக்கு, நேரத்தில், காற்றில், குளத்தின் எல்லாம் போயிற்று. உருபு ஏறிய பெயர் இந்த வினைக்கு எழுவாயாக நிற்காது. உருபில்லாமல் மிஞ்சுவது சிறுபோகம், நீர், அதிகாரிகள், வாக்குறுதி, பயிர்கள், கதிர். சிறுபோகம் "செய்த" என்பதற்கும் கதிர் "விடும்" என்பதற்கும் செயப்படுபொருள், அவற்றையும் விடுங்கள். மீதியில் தனக்கென்று ஒரு வினையை ஏற்கெனவே பிடித்துவைத்திருப்பவற்றையும் தள்ளுங்கள். நீருக்குத் "திறந்துவிடப்படும்" இருக்கிறது, அதிகாரிகளுக்கு "அளித்த" இருக்கிறது, பயிர்களுக்கு "விடும்" இருக்கிறது. வினை கிடைக்காமல் நிற்பது வாக்குறுதி ஒன்றுதான். ஆகவே "பறந்தது". பக்கத்தில் நின்ற பயிர்கள்தான் அதைப் பன்மைக்கு இழுத்தன.

இன்னொரு இழுப்பு யானையால் வருவது. "தோட்டத்துக்குள் இறங்கிய யானைக் கூட்டம் வாழைகளையும் தென்னங்கன்றுகளையும் நாசமாக்கின." கூட்டம் ஒன்று, ஆகவே "நாசமாக்கியது". ஆனால் வாழைகளும் கன்றுகளும் எழுதுகிறவரின் கண்முன் முறிந்து கிடக்கின்றன, நாசமான தோட்டத்தைப் பார்த்துவிட்டு ஒருமையில் எழுத மனசு வருமா? வராதுதான். வருத்தம் இருந்தால் "யானைகள்" என்று தொடங்குங்கள். அப்போது "நாசமாக்கின" என்பதே சரி.

"உடன்" போட்டால் அதுவும் சறுக்கும். "பிரதேச செயலர், கிராம அலுவலர்களுடனும் கமக்காரர் அமைப்பினருடனும் வாய்க்காலைப் பார்வையிட்டனர்" என்றால், போனவர்கள் பலர் என்றாலும் எழுவாய் செயலர் ஒருவர்தான், "பார்வையிட்டார்". எல்லாரையும் எழுவாயாக்க ஆசையென்றால் "செயலரும் அலுவலர்களும் அமைப்பினரும்" என்று உம் போட்டு அடுக்குங்கள். செயலருக்குத்தான் அது பிடிக்காமல் போகலாம்.

பேச்சில் "மரங்கள் விழுந்தது" என்கிறோமே என்று கேட்பீர்கள். பேசுங்கள். எழுத்தில் அது "விழுந்தன". "மாடு மேய்ந்தன" என்றாலும் பிழையில்லை. மாடு ஒன்றுக்கும் பலவற்றுக்கும் பொதுப்பெயர், பால்பகா அஃறிணைப் பெயர் என்பார்கள்.

இதிலெல்லாம் மாட்டாமல் தப்பி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், என் பழைய பகை அவர்களோடுதான். "யானைகள் தோட்டத்தை அழித்தமை குறிப்பிடத்தக்கது." பார்த்தீர்களா சாமர்த்தியத்தை? "அழித்தமை"க்கு ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. யானை ஒன்றோ நாற்பதோ, எழுதியவருக்குக் கவலை இல்லை. அதோடு ஒரு செய்தியில் ஏழு வரி இருந்தால் ஏழாவது வரி எப்போதும் குறிப்பிடத்தக்கது! மற்ற ஆறும் எதற்கு அச்சாகின்றன என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்தச் சொல்லைக் கண்ட இடத்தில் வெட்டு என்று எங்கள் ஒப்புநோக்குபவரிடம் சொல்லியிருக்கிறேன். வெட்டினால் பக்கம் நிரம்பாது என்கிறார் அவர். அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதினேன்.