மூச்சு இழுக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே ஃபாதரைக் கூப்பிடுங்க

கேள்வி: பாட்டி படுத்த படுக்கையா இருக்காங்க. அவஸ்தை பூச, அதாவது நோயாளிக்கு மந்திரிச்ச எண்ணெய் பூச, ஃபாதரைக் கூப்பிடலாம்னா வீட்டுப் பெரியவங்க "இப்பவே வேணாம், பயந்துடுவாங்க"ன்னு சொல்றாங்க. எப்போதான் கூப்பிடறது? அதுல பாட்டிக்கு என்ன கிடைக்குது? ஆர்த்தடாக்ஸ்காரங்களுக்கும் இதேதானா?

பதில்:

பாட்டிக்கு நினைவு இருக்கா? நாலு வார்த்தை பேசறாங்களா? ஒரு ஸ்பூன் கஞ்சியாவது முழுங்கறாங்களா? ஆமான்னா இன்னைக்கே கூப்பிடுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம், எலத்தகிரி பக்கம். எங்க பங்குல மரியாயின் சேனைல இருக்கேன், நோயாளிங்க வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போறது எங்க வேலைங்கிறதால இதை நிறைய வீட்ல பக்கத்துல இருந்தே பாத்திருக்கேன். உங்க வீட்ல சொல்ற அதே வார்த்தையை முக்கால்வாசி வீட்ல சொல்லுவாங்க. பூசிட்டா ஆள் போயிடுவாங்கன்னு ஒரு பயம். அதனால ஆஸ்பத்திரில கைவிரிச்சு, வீட்டுக்குக் கொண்டு வந்து, மூச்சு இழுக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் போன் போகும். ஆனா சபைச் சட்டம் சொல்றது வேற, நோயாலயோ முதுமையாலயோ ஒருத்தருக்கு உயிராபத்து ஆரம்பிக்கும்போதே பூசலாம். பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடியும் பூசறாங்க. தேறி வந்து மறுபடி விழுந்தா மறுபடியும் பூசலாம், அதே நோயே இன்னும் முத்திப் போனாலும் பூசலாம், அதனால இப்பவே பூசிட்டா அப்புறம் கிடைக்காதுன்னு ஒண்ணும் இல்ல.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கத்தோலிக்க முறைப்படி சாகப்போறவங்களுக்கான கடைசி திருவருட்சாதனம் எண்ணெய் இல்ல, நன்மைன்னு நாம சொல்ற நற்கருணைதான். பாவங்களைக் குருகிட்ட சொல்ற பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல், கடைசியா வழியுணவா நற்கருணை, இதான் வரிசை. லேட்டா கூப்பிட்டா என்ன ஆகும்னா முதல்ல உள்ளதும் கடைசில உள்ளதும் போயிடும், ஏன்னா ஒண்ணுக்கு வாய் பேசணும், இன்னொண்ணுக்கு தொண்டை முழுங்கணும். நடுவுல உள்ள எண்ணெய் மட்டும்தான் மிஞ்சும்.

சரியா நடந்த ஒரு வீட்டை சொல்றேன். எங்க தெருவுல ஒரு பெரியப்பா, நுரையீரல் கெட்டுப்போய் வீட்லயே ஆக்சிஜன் மெஷின் வச்சிருந்தாங்க. அவரே மகனைக் கூப்பிட்டு "சாமியாரை வரச் சொல்லுப்பா"ன்னுட்டார். பெரியம்மா ஸ்டூல் மேல வெள்ளைத் துணி விரிச்சு, பாடுபட்ட சுரூபம், ரெண்டு மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணி, ஸ்பூன், கொஞ்சம் பஞ்சு எல்லாம் எடுத்து வச்சாங்க. சாயங்காலம் ஃபாதர் வந்ததும் முதல்ல எங்க எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டார். திண்ணைல உக்காந்திருந்தோம், உள்ள மெஷின் சத்தம் மட்டும் கேட்டுச்சு. பெரியப்பாவால நாலு வார்த்தைக்கு மேல சேர்ந்தாப்ல பேச முடியாது, ஃபாதர் ஒண்ணொண்ணா கேக்க இவர் ஆமா இல்லன்னு சொன்னாலே அது பாவசங்கீர்த்தனம்தான், அதுக்கே பாவமன்னிப்பு முழுசா உண்டு.

அப்புறம் எங்களை உள்ள கூப்பிட்டார். திருத்தந்தை கொடுத்திருக்கிற அதிகாரத்தால சாகும் தருவாயில இருக்கவங்களுக்குன்னு ஒரு ஆசீரும், பாவத்துக்கான தண்டனை எல்லாம் நீங்கற பூரண பலனும் இருக்கு, அதைக் கொடுத்தார். ஞானஸ்நானத்துல கேக்கற அதே கேள்விகளைக் கேட்டார், பெரியப்பா ஒவ்வொண்ணுக்கும் "விசுவசிக்கிறேன்"னு மெதுவா சொன்னார். ஒண்ணுமே பேசாம அவர் தலை மேல ரெண்டு கையும் வச்சார். அப்புறம்தான் எண்ணெய். அது கட்டைவிரல் அளவு வெள்ளி டப்பா, மூடில ஓ, ஐ ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, நோயாளர் எண்ணெய்ங்கிறதோட லத்தீன் பேருக்கான எழுத்து அது. உள்ள எண்ணெய்ல நனைஞ்ச பஞ்சு. ஆலிவ் எண்ணெய் இல்லன்னா வேற ஏதாவது தாவர எண்ணெய், புனித வாரத்துல ஆயர் மந்திரிச்சு பங்குகளுக்குக் கொடுக்கறது. தர்மபுரி மறைமாவட்டம் 1997ல சேலத்துல இருந்து பிரிஞ்சதுல இருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் நம்ம ஆயர்கிட்ட இருந்துதான் வருது. கையில அந்த எண்ணெய் இல்லாத அவசரத்துல குருவே அங்கேயே மந்திரிச்சுப் பூசலாம்.

நெத்தியில ஒரு சிலுவை, ரெண்டு உள்ளங்கையிலயும் சிலுவை, அவ்வளவுதான். ஆண்டவர் தூய ஆவியோட அருளால உனக்கு உதவட்டும், உன்னை பாவத்துல இருந்து விடுவிச்சு, காப்பாத்தி, எழுப்பி விடட்டும்ங்கிறதுதான் ஜெபத்தோட கருத்து. கண்ணு, காது, மூக்கு, வாய், கை, கால்னு ஒவ்வொண்ணா பூசினது பழைய முறை, ஆறாம் பவுல் 1972ல மாத்தினதுக்கு அப்புறம் நெத்தியும் கையும்தான், ரொம்ப அவசரம்னா நெத்தி மட்டும் போதும். ஐசியூல டியூபுக்கு நடுவுல நெத்தியில மட்டும் பூசிட்டு வந்தா சிலர் "முழுசா பண்ணலையே"ன்னு வருத்தப்படறாங்க, அது முழுசுதான்.

கடைசியா எல்லாரும் பரலோக மந்திரம் சொன்னோம், ஃபாதர் அப்பத்துல ஒரு சின்னத் துண்டு உடைச்சு நாக்குல வச்சு, பின்னாடியே ஒரு ஸ்பூன் தண்ணி கொடுத்தார். கிறிஸ்து உன்னைக் காத்து நித்திய வாழ்வுக்குக் கூட்டிட்டுப் போகட்டும்னு சேர்த்து சொன்னார், வழக்கமான நன்மைக்கும் வழியுணவுக்கும் வித்தியாசமே இந்த வார்த்தைதான். காலைல கஞ்சி குடிச்சாங்களே, மாத்திரை போட்டாங்களேன்னு கவலை வேணாம், நோயாளிக்கு அந்த ஒரு மணி நேர உபவாசம் கிடையாது. அப்பம் இறங்கலைன்னா பூசையில வசீகரம் பண்ணின, அதாவது அர்ச்சிச்ச, திராட்சை ரசத்துல சில துளி கொடுக்கவும் வழி இருக்கு, ஆனா அதை ஃபாதர் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணணும்.

அதுக்கப்புறம் பெரியப்பா பொங்கல் தாண்டியும் இருந்தார். பூசினதால பிழைச்சார்னு நான் சொல்லல. ஆன்மாவுக்கு நல்லதுன்னா உடம்புக்கும் சுகம் கிடைக்கலாம்னு சபை சொல்லுது, உறுதியா கொடுக்கறது வேற. நோயையும் பயத்தையும் தாங்கற பலம், தன் வலியை கிறிஸ்துவோட பாடுகளோட சேர்க்கிற வரம், பாவசங்கீர்த்தனம் பண்ண முடியாத நிலையில இருந்தா பாவமன்னிப்பு. பெரியப்பாகிட்ட நான் பாத்தது என்னன்னா, அதுவரைக்கும் ராத்திரி தூங்காம மகனைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தவர் அப்புறம் அடங்கிட்டார், தம்பியோட பல வருஷ நிலத்தகராறுக்கு ஆள் அனுப்பி வரவச்சு சமாதானமும் ஆனார். நடுவுல ஃபாதர் நன்மை மட்டும் கொண்டு வந்து கொடுத்துட்டுப் போவார், அதைத் தினமும் கூட வாங்கலாம்.

இன்னொரு வீட்ல ஒரு அக்கா, ஸ்ட்ரோக் வந்து சுத்தமா நினைவில்லை. அவங்களுக்கு எண்ணெய் பூசினாங்க, நிபந்தனையோட பாவமன்னிப்பும் பூரண பலனும் கொடுத்தாங்க, நன்மை கொடுக்க முடியல. நினைவு இல்லாதவங்களுக்குப் பூசலாமான்னு கேப்பீங்க, நல்லா இருந்திருந்தா கேட்டிருப்பாங்கன்னு நம்ப இடம் இருந்தா பூசலாம். உயிர் இருக்கா இல்லையான்னு சந்தேகமா இருந்தாலும் பூசலாம். போயாச்சுன்னு உறுதியான அப்புறம் பூச மாட்டாங்க, இறந்தவங்களுக்கான ஜெபம்தான் சொல்லுவாங்க. அதுக்கு ஃபாதர் மேல கோவிச்சுக்கிட்டு சண்டை போட்ட குடும்பத்தையும் பாத்திருக்கேன், பாவம், அவங்களுக்கு யாரும் முன்னாடி சொல்லல.

எண்ணெய் பூசறது குருவால மட்டும்தான் முடியும். திருத்தொண்டர், சிஸ்டர், உபதேசியார் யாரும் பூச முடியாது, ஆனா நற்கருணை கொடுக்க அனுமதி உள்ளவங்க வழியுணவு கொடுக்கலாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் இருந்தா ராத்திரில ஃபாதர் வந்து சேர நேரம் ஆகும், அந்த மாதிரி நேரத்துல நீங்க பண்ண வேண்டியது, பாட்டி கையில சுரூபம் கொடுத்து, காதுகிட்ட பாவத்துக்கு வருந்தற மனஸ்தாப மந்திரம் மெதுவா சொல்லிக் கொடுங்க. வாழ்நாள்ல ஜெபிச்சுப் பழகினவங்க நல்ல மனநிலையில போனா, குருவே இல்லாட்டியும் சபை அந்தப் பூரண பலனைக் கொடுக்குது. மூச்சு அடங்கற நேரத்துல புனிதர்கள் பிரார்த்தனை, கிறிஸ்தவ ஆன்மாவே புறப்படுங்கிற ஜெபம், சூசையப்பர் ஜெபம், இதெல்லாம் வீட்ல யாரு வேணா சொல்லலாம்.

இப்போ ஆர்த்தடாக்ஸ். அவங்களுக்கும் சாகும்போது முக்கியம் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும்தான், தைலம் சாவுக்குன்னு ஒதுக்கி வச்சது இல்ல. கிரேக்க, ரஷ்ய முறையில தைல வழிபாடு பெரிசு, ஏழு குருக்கள், ஏழு நிருப வாசகம், ஏழு நற்செய்தி, ஏழு தடவை பூசுதல். ஏழு பேர் கிடைக்கலைன்னா ஒருத்தரே பண்ணுவார், தைலத்தை அந்த வழிபாட்டுலயே குருவே மந்திரிக்கிறார், ஆயர்கிட்ட இருந்து வரணும்னு இல்ல. பல கிரேக்கக் கோயில்ல பெரிய புதன் அன்னைக்கு நல்லா இருக்கவங்களுக்கும் பூசறாங்க. உயிர் பிரியற நேரத்துக்குன்னு தனியா ஒரு ஜெப முறையும் வச்சிருக்காங்க. ஓசூர்ல கம்பெனி வேலைக்கு வந்த மலையாளி சுறியானிக் குடும்பங்கள்ல கந்தீலான்னு சொல்லுவாங்க, பல அச்சன்மார், அதாவது அவங்க குருக்கள், சேர்ந்து பண்ற நீளமான தைல வழிபாடு அது, படுக்கையில உள்ளவங்களுக்கு வீட்ல சுருக்கமா பூசற முறையும் இருக்கு.

அந்த மாதிரி ஒரு குடும்பத்துக்கு அவங்க அச்சன் கிடைக்கலைன்னா, அவங்களா கேட்டா கத்தோலிக்க குரு மூணையும் கொடுக்கலாம், நம்ம சட்டம் இடம் கொடுக்குது. சுறியானி பாட்ரியார்க்குக்குக் கீழ உள்ள யாக்கோபாயக்காரங்களா இருந்தா இன்னும் தெளிவு, 1984ல ரெண்டாம் யோவான் பவுலும் சுறியானி பாட்ரியார்க் முதலாம் சக்காவும் கையெழுத்து போட்ட உடன்பாட்டுல இது ரெண்டு பக்கமும் செல்லும். கோட்டயம் ஆர்த்தடாக்ஸ் சபை அந்த உடன்பாட்டுல இல்ல, அதனால முதல்ல அவங்க அச்சன்கிட்ட போன்ல கேட்டுக்கிறது நல்லது.

உங்க பாட்டி விஷயத்துக்கு வர்றேன். பங்குக்கு போன் பண்ணும்போது "பாட்டிக்கு ரொம்ப முடியல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. நினைவு இருக்கு, பேசறாங்க, முழுங்கறாங்க, பாவசங்கீர்த்தனம் பண்ணணும், நன்மையும் கொண்டு வாங்க ஃபாதர்னு சொல்லுங்க, இல்லன்னா எண்ணெய் டப்பா மட்டும் எடுத்துட்டு வந்துடலாம். பாட்டிகிட்ட "சாமியார் வந்து ஜெபம் பண்ணி நன்மை கொடுக்கட்டுமா பாட்டி"ன்னு நீங்களே கேளுங்க. பயந்துடுவாங்கன்னு சொல்றது எப்பவும் பக்கத்துல இருக்கவங்கதான், நான் பாத்த வரைக்கும் படுத்திருக்கவங்க "இவ்வளவு நாள் ஏன் கூப்பிடல"ன்னுதான் கேக்கறாங்க.