மூன்று ரீடிங்கும் இறங்கிக்கொண்டே போனால் சராசரி எடுக்கலாமா?

"மேடம், நான் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. ஊர் நாச்சியார்கோவில். வீட்டில் சாத்துக்குடி பிழிந்து, தூக்கில் ஊற்றி, கும்பகோணத்தில் கல்லூரிக்கு எடுத்துப் போய் அயோடினால் டைட்ரேஷன் செய்தேன். ஸ்டாண்டர்டுக்கு (10 மி.கி. அஸ்கார்பிக் அமிலம்) 11.8 மி.லி. அயோடின் ஆனது. அப்புறம் 20 மி.லி. சாற்றுக்கு 9.6, 9.0, 8.5 என்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையே இருபது நிமிடம் இருக்கும். நீல நிறமும் வந்து வந்து மறைகிறது. சராசரி எடுத்து ரிப்போர்ட்டில் எழுதிவிடலாமா?"

எடுக்க வேண்டாம். கையோ கண்ணோ கொஞ்சம் பிசகியிருந்தால் ரீடிங் மேலும் கீழுமாக வரும். உங்களுடையது ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் இறங்குகிறது. அப்படி இறங்கினால், நீங்கள் அளந்துகொண்டிருக்கும்போதே ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது சாறா, அயோடினா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

குடுவைக்குள் நடப்பது இது:

C6H8O6 + I2 → C6H6O6 + 2HI

ஒரு மூலக்கூறு அஸ்கார்பிக் அமிலத்துக்கு ஒரு மூலக்கூறு அயோடின். அமிலம் தீரும்வரை விழுகிற அயோடின் எல்லாம் உடனே காணாமல் போகும். தீர்ந்த பிறகு விழும் முதல் மிச்சத்தை ஸ்டார்ச் பிடித்துக்கொண்டு நீலமாகக் காட்டும். ஆகவே ரீடிங் குறைகிறது என்றால் இரண்டே வழிதான். சாற்றில் அஸ்கார்பிக் அமிலம் குறைந்திருக்க வேண்டும், அல்லது பியூரெட்டில் இருக்கும் அயோடின் வலுத்திருக்க வேண்டும்.

அயோடின் எப்படி வலுக்கும் என்று கேட்கலாம். அயோடின் படிகம் வெறும் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சம் தண்ணீரில் அடர்த்தியாகக் கரைத்து, அதில் அயோடினை முழுதும் கரைத்த பிறகுதான் தண்ணீர் சேர்த்து அளவை நிரப்ப வேண்டும். அவசரத்தில் முதலிலேயே நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டால் அடியில் சில துணுக்குகள் தங்கி, மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். கரையக் கரையக் கரைசல் வலுத்து, ரீடிங் இறங்கும். இதற்கு நேர்மாறாக, பாட்டிலைத் திறந்து வைத்தால் அயோடின் ஆவியாகிக் கரைசல் வலுவிழக்கும், ரீடிங் ஏறும். சித்திரை வெயிலில் நம் ஊர் லேபுகளில் இது சாதாரணமாக நடப்பதுதான்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். சாற்றை முடித்த கையோடு ஸ்டாண்டர்டை மறுபடி டைட்ரேட் செய்ய வேண்டும். காலையில் கரைத்து வைத்ததை எடுக்காதீர்கள், அதுவும் காற்றில் கெட்டிருக்கும்; புதிதாக எடை போட்டுக் கரையுங்கள். மறுபடியும் 11.8 வந்தால் அயோடினில் குறையில்லை, சாறுதான் மாறுகிறது. 11.8-க்குப் பதில் 10.5 என்று வந்தால் அயோடின் கரைசல்தான் குற்றவாளி.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் உங்கள் தூக்கின் மேல். நாச்சியார்கோவில் என்றதும் அது பித்தளைத் தூக்காக இருக்குமோ என்று தோன்றியது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. சாத்துக்குடியின் புளிப்பு அதிலிருந்து துளித்துளியாகச் செம்பைக் கரைத்து எடுக்கும். புளி வைக்கிற பித்தளைப் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் ஈயம் பூசியது இதற்காகத்தான். அஸ்கார்பிக் அமிலத்தைக் காற்று தானாகவே மெதுவாக ஆக்சிஜனேற்றும். புளிப்பான சாற்றில் அந்த வேகம் இன்னும் குறைவு. செம்பு அயனி சிறிதளவு சேர்ந்தால் போதும், அது வினையூக்கியாகி வேகத்தைப் பல மடங்கு கூட்டிவிடும். கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்த சாறு நாற்பது நிமிடத்தில் 9.6-லிருந்து 8.5-க்கு இறங்குவது அரிது. என் மாணவர்களை ஒரே சாற்றைக் கண்ணாடி பீக்கரிலும் ஈயம் போன பித்தளை டம்ளரிலும் வைத்து அளக்கச் சொல்வேன். அரை மணியில் பியூரெட்டிலேயே வித்தியாசம் தெரியும்.

உங்கள் எண்களைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மி.லி. அயோடின் 10 ÷ 11.8, அதாவது 0.847 மி.கி. அஸ்கார்பிக் அமிலத்துக்குச் சமம். முதல் ரீடிங் 9.6 × 0.847 = 8.13 மி.கி.; இது 20 மி.லி. சாற்றில் இருப்பது. 100 மி.லி.க்கு 40.7 மி.கி. இதே வழியில் இரண்டாவது 38.1, மூன்றாவது 36.0. சராசரி போட்டால் 38.3 வரும். அது பிழிந்தபோது இருந்த அளவும் இல்லை, கடைசியில் இருந்த அளவும் இல்லை. முதல் ரீடிங்கான 40.7-ஐயும் பிழிந்த சாற்றின் அளவாக எழுத முடியாது. ஏனென்றால் ஊரிலிருந்து வரும் வழியிலேயே எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது.

மறுபடி செய்ய நேரம் கிடைத்தால் பழத்தை முழுசாக லேபுக்கே கொண்டு போங்கள். அங்கேயே பிழிந்து, மஸ்லின் துணியில் வடிகட்டி, நேராக 4 சதவீத ஆக்சாலிக் அமிலத்தில் சேருங்கள். ஆக்சாலிக் அமிலம் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புளிப்பும் கூடும். ஸ்டாண்டர்டையும் இதே அமிலத்தில்தான் கரைக்க வேண்டும், இரண்டும் ஒரே சூழலில் இருந்தால்தான் ஒப்பிடுவது நியாயம். ஆக்சாலிக் அமிலம் நச்சு, வாயால் உறிஞ்சிப் பிப்பெட் செய்யாதீர்கள். மிக்ஸியில் அடிக்க வேண்டாம், நுரையோடு காற்று புகுந்துவிடும். சாறு சேர்த்த அளவையும் அமிலத்தின் அளவையும் குறித்துக்கொண்டால் கணக்கில் சரி செய்துவிடலாம். அடுத்தடுத்து இரண்டு ரீடிங்காவது 0.1 மி.லி.க்குள் ஒத்துவர வேண்டும்.

நீலம் மறைவது பற்றி. துளி விழும் இடத்தில் தோன்றிக் குலுக்கினால் போகிற நீலம் முடிவு நிலை இல்லை. குலுக்கிய பிறகும் முழுக் குடுவையிலும் இருபது, முப்பது விநாடி நிற்கிற முதல் நீலம்தான் முடிவு நிலை. அதற்கப்புறம் மங்கினால் விட்டுவிடுங்கள். சாற்றில் அயோடினோடு மெதுவாக வினைபுரியும் வேறு பொருள்களும் உண்டு. அவற்றைத் துரத்திக்கொண்டு துளித்துளியாக ஊற்றினால் ரீடிங் பொய்யாக ஏறும். சாத்துக்குடியின் மஞ்சளில் நீலம் பச்சை கலந்த சாம்பலாகத் தெரியும். அதனால் டைட்ரேட் செய்யாத சாற்றை ஸ்டார்ச்சோடு ஒரு குடுவையில் பக்கத்தில் வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஒப்பிடுங்கள். ஸ்டார்ச்சை இங்கே ஆரம்பத்திலேயே சேர்க்கலாம். முடிவு நெருங்கும்போது சேர்ப்பது தயோசல்பேட் டைட்ரேஷனுக்கான முறை. பல ரெக்கார்டு நோட்டுகளில் இது குழம்பிக் கிடக்கிறது.

மறுபடி செய்ய வழியே இல்லையென்றால் மூன்று ரீடிங்கையும் எடுத்த நேரத்தோடு அப்படியே அட்டவணையில் எழுதுங்கள். பாத்திரம் என்ன, பிழிந்து எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் சேருங்கள். "ரீடிங்குகள் ஒத்துவரவில்லை, தொடர்ந்து இறங்குவதால் சாறு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கலாம், ஸ்டாண்டர்டை மறுபடி டைட்ரேட் செய்து உறுதிப்படுத்தவில்லை" என்று முடிவில் எழுதலாம். நான் திருத்துபவராக இருந்தால் 38.3 என்ற சுத்தமான எண்ணைவிட இதற்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

தலைப்பில் "மொத்த வைட்டமின் சி" என்று போடாமல் "அஸ்கார்பிக் அமிலம்" என்று போடுங்கள். ஆக்சிஜனேற்றத்தில் உருவாகும் டீஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலத்துக்கும் உடம்பில் வைட்டமின் சி-யின் வேலை உண்டு, ஆனால் அயோடினுக்கு அது தெரியாது. உங்கள் தூக்கில் குறைந்ததில் ஒரு பங்கு இன்னும் அந்த வடிவத்தில் சாற்றிலேயே இருந்திருக்கும்.