ஆர்எஸ்ஐ 70-ல் விற்றால் ஏன் அடி விழுகிறது?

"நிஃப்டி டெய்லி சார்ட்டில் ஆர்எஸ்ஐ 70 தாண்டியதும் ஷார்ட் போடுகிறேன், ஒவ்வொரு முறையும் ஸ்டாப்லாஸ் அடிக்கிறது. வாங்கலாம் என்று 30-க்குக் காத்திருந்தால் வரவே மாட்டேன் என்கிறது."

சந்தை ஏறுமுகத்தில் இருக்கும்போதும் நீங்கள் கோடுகளை 70, 30-லேயே வைத்திருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். 14 நாள் ஆர்எஸ்ஐ என்பது சராசரி ஏற்றத்தையும் சராசரி இறக்கத்தையும் ஒப்பிடுவது, அவ்வளவுதான். ஏற்றம் இரண்டு மடங்கு இருந்தாலே அது 67-க்கு வந்துவிடும். ஆனால் 30-க்கு இறங்க, இறக்கம் ஏற்றத்தைப்போல இரண்டேகால் மடங்கைத் தாண்ட வேண்டும், ஏறுமுகத்தின் நடுவே வரும் சாதாரணத் திருத்தத்தில் அவ்வளவு இறக்கம் அபூர்வம். 2020 நவம்பரில் நிஃப்டி 13,000-ஐ நெருங்கியபோதே 70 தாண்டியிருந்தது, ஆனால் புத்தாண்டு பிறந்ததும் 14,000-க்கு மேல் முடிந்தது. சார்ட்டைத் திறந்து பாருங்கள்.

ஏறுமுகத்தில் 40 முதல் 80, இறங்குமுகத்தில் 20 முதல் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40-50 பக்கம் வந்து ஆர்எஸ்ஐ திரும்பினால் அதுதான் வாங்கும் இடம், 70-ல் ஷார்ட் வேண்டாம். சரி, போக்கு மாறியதை எப்படி அறிவது? 40 ஒரு நாள் உடைந்தால் மட்டும் போதாது. அதற்கப்புறம் வரும் ஏற்றம் 60 பக்கமே தடுக்கி மறுபடி விழ வேண்டும். பக்கவாட்டுச் சந்தையில் மட்டும் உங்கள் பழைய 70-30 சரிவரும்.